சொந்தப் பெயரா, ஊர்ப் பெயரா, வளவியா? மணப்பெண் மேக்கப் ஸ்டுடியோவுக்குப் பெயர் வைக்கும் கணக்கு

காரைக்குடியில் போர்டும் விசிட்டிங் கார்டும் அடித்துக் கொடுப்பது என் தொழில். கூடவே கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்தும் தருகிறேன். அதனால் பெயர் வைக்கும் பஞ்சாயத்து வாரத்துக்கு ஒன்றாவது என் மேசைக்கு வந்துவிடும். அதில் அதிகம் குழம்புகிறவர்கள் மணப்பெண் மேக்கப் செய்கிறவர்கள்தான். மளிகைக் கடை வைப்பவர் குலசாமி பெயரைச் சொல்லிவிட்டு முன்பணம் கட்டிப் போய்விடுவார். மேக்கப் ஸ்டுடியோ தொடங்குகிறவர்கள் ஒரு நோட்டு நிறையப் பெயர் எழுதிக்கொண்டு வருவார்கள்.

அப்படி வந்த இருவரை வைத்தே இதைச் சொல்கிறேன். அக்கா மேக்கப் போடுகிறவர், அவருடைய சித்தி மகள் மெஹந்தி போடுகிறவர். செக்காலைப் பக்கம் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். நோட்டில் ஐந்து பெயர்கள் இருந்தன: அக்காவின் சொந்தப் பெயரில் ஒன்று, ‘காரைக்குடி பிரைடல் மேக்கப்’, ‘நலங்கு’, ‘கழுத்துரு’, ‘ப்ளஷ்’. “அண்ணே, இதுல எதை வெச்சா கூகுள்ல முதல்ல வரும்?” என்று கேட்டார் அக்கா. எல்லாரும் கேட்கும் கேள்விதான். ஆனால் அது பாதிக் கேள்வி.

## எதை வைத்து எடை போடுவது

ஒரு மணப்பெண் உங்களிடம் வந்து சேர இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒருத்திக்கு யாரையும் தெரியாது. சென்னையில் வேலை பார்க்கிறாள், கல்யாணம் பள்ளத்தூரில் பூர்வீக வீட்டில். அவள் `karaikudi bridal makeup` என்று தேடுவாள். இன்னொருத்திக்கு உங்களைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். பெரியம்மா மகள் கல்யாணத்தில் முகத்தைப் பார்த்த ஆச்சி ஒருவர், “அந்தப் புள்ளையக் கூப்பிடு, நல்லாப் போடுது” என்று போனில் பெயரைச் சொல்கிறார். அந்தப் பெயரை அவள் தட்டிப் பார்க்கிறாள்.

முதல் பெண்ணுக்குக் கூகுள் யாரைக் காட்டும் என்பதை முக்கியமாக மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: தேடியதற்கும் உங்கள் பதிவுக்கும் உள்ள பொருத்தம், தூரம், உங்களுக்கு இருக்கும் பிரபலம். பொருத்தத்தில் கடைப்பெயருக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் நீங்கள் தேர்ந்தெடுக்கும் வகை, எழுதும் சேவைப் பட்டியல், மணப்பெண்கள் எழுதும் விமர்சனம் எல்லாம் சேர்ந்தும் அந்த வேலையைச் செய்யும். இரண்டாவது பெண்ணுக்கு அப்படியில்லை. அவள் கையில் இருப்பது பெயர் மட்டும்தான். அது தவறினால் நீங்கள் கிடைக்கவே மாட்டீர்கள்.

அதனால் நான் பார்ப்பது நான்கு விஷயங்கள். ஒரு தடவை காதால் கேட்டவர் ஆங்கில எழுத்தில் சரியாகத் தட்டுவாரா? தட்டினால் நீங்கள் மட்டும் வருவீர்களா, கூட்டத்தோடு வருவீர்களா? போர்டு, மேப், இன்ஸ்டாகிராம் மூன்றிலும் அதே பெயர் நிற்குமா? நாளைக்கு ஆள் கூடினாலோ ஒருவர் பிரிந்தாலோ பெயர் தாங்குமா?

மூன்றாவதற்கு ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். கூகுளின் விதிப்படி, மேப்பில் எழுதும் பெயர் வெளியே போர்டில் இருக்கும் பெயராகத்தான் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் கடைப் போர்டில் தமிழ் முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே பெயர் தமிழ் எழுத்தில் பார்க்கவும் நன்றாக இருக்க வேண்டும், ஆங்கிலத்தில் தட்டவும் சுலபமாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒத்துவரும் சொல் நினைப்பதைவிடக் குறைவு.

## சொந்தப் பெயர்

இந்தத் தொழிலில் மணப்பெண் நம்புவது ஒரு கையை. அதனால் சொந்தப் பெயர் இயல்பான தேர்வு. ஏற்கெனவே பத்துப் பதினைந்து கல்யாணம் செய்து, ஊரில் பெயர் பரவியிருந்தால் அதை மாற்றுவது வீண் வேலை. பரிந்துரை ஏற்கெனவே அந்தப் பெயரில்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆனால் செட்டிநாட்டில் ஒரு சிக்கல் உண்டு. இங்கே பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தா, அப்பத்தா பெயர் வைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அதனால் அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். ஒரு தெருவில் நின்று “வள்ளி” என்று கூப்பிட்டால் மூன்று வீட்டுக் கதவு திறக்கும். மீனாட்சி என்றால் `Meenakshi` என்று ஒருவர் தட்டுவார், `Meenatchi` என்று இன்னொருவர். அழகம்மையை `Azhagammai` என்றும் எழுதலாம், `Alagammai` என்றும் எழுதலாம். நம் ஊர் அழகப்பா பல்கலைக்கழகத்தின் பெயரே ‘ழ’வை `l` ஆக்கித்தான் ஆங்கிலத்தில் நிற்கிறது. கூகுள் இப்படிப்பட்ட வேறுபாட்டைப் பெரும்பாலும் சமாளித்துவிடும். இன்ஸ்டாகிராம் தேடலை அந்த அளவுக்கு நம்ப முடியாது.

வெளியே தெரியாத செலவு முகூர்த்த நாளில்தான் வரும். வைகாசியில் ஒரே நாளில் தேவகோட்டையில் ஒரு கல்யாணம், கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம். இரண்டுக்கும் விடியற்காலையில் போயாக வேண்டும். சொந்தப் பெயரில் கடை இருந்தால் உதவியாளரை அனுப்பும்போது, “அவங்க வரலையா?” என்ற கேள்வி வாசலிலேயே வந்துவிடும். நியாயமான கேள்விதான், பெயரைப் பார்த்துத்தானே அட்வான்ஸ் கொடுத்தார்கள்? இந்த இருவர் விஷயத்தில் இன்னொன்றும் இருந்தது. அக்காவின் பெயரைப் போட்டால் தங்கையின் மெஹந்தி அதற்குள் காணாமல் போகும். தங்கை அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. நோட்டில் அந்தப் பெயர் வந்த இடத்தை மட்டும் அவர் பார்க்கவே இல்லை.

தனியாளாக வேலை செய்கிறவருக்கும், பெயர் அபூர்வமாக இருப்பவருக்கும் இது சரி.

## ஊர்ப் பெயர்

‘காரைக்குடி பிரைடல் மேக்கப்’ என்று வைத்தால் தேடும் சொல்லே கடைப்பெயராகிவிடுகிறது. முதல் வகைப் பெண்ணுக்கு இது கொஞ்சம் உதவும் என்பது உண்மை. போர்டிலும் பில்லிலும் அதே பெயர் இருந்தால் விதிமீறலும் இல்லை.

இதில் எனக்குப் பிடிக்காதது பரிந்துரை ஒழுகிப் போவது. ஆச்சி, “காரைக்குடி பிரைடல்னு ஒண்ணு இருக்கு, அங்க கேளு” என்கிறார். அந்தப் பெண் அதைத் தட்டுகிறாள். கூகுள் அதை ஒரு கடையின் பெயராகப் பார்க்காமல் ஒரு தேவையாகப் பார்த்து, ஊரிலுள்ள மேக்கப் கலைஞர்களை எல்லாம் வரிசையாகக் காட்டும். மேலே இருப்பவருக்குப் போன் போகும். நீங்கள் ராத்திரி முழுக்க விழித்து நல்லபடி செய்துகொடுத்த வேலைக்குக் கிடைத்த பரிந்துரை, அடுத்த தெருக்காரருக்கு முன்பதிவாகிறது. இது நடந்தது உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

ஊர்ப் பெயரிலும் எழுத்துச் சிக்கல் உண்டு. ரயில் நிலையத்தில் `Karaikkudi` என்று இரண்டு `k`, மற்ற இடங்களில் பெரும்பாலும் ஒன்று. இது சின்ன விஷயம், கூகுள் பார்த்துக்கொள்ளும். ‘செட்டிநாடு’ என்று வைப்பதுதான் பெரிய சிக்கல். அது எங்களுக்கு ஒரு வட்டாரம், வெளியூர்க்காரருக்குச் சிக்கன். அந்தச் சொல்லைத் தட்டினால் சாப்பாட்டுக் கடையும் பருத்திச் சேலையும் முன்னால் நிற்கும். போதாததற்குச் செட்டிநாடு என்ற பெயரில் ஒரு ரயில் நிலையமே இருக்கிறது. வட்டாரத்துக்குள் இருக்கும் பெண்ணோ `chettinad` என்று தேடுவதில்லை. தன் ஊர்ப் பெயரையோ காரைக்குடியையோதான் தட்டுவாள்.

டிரேட்மார்க் வாங்கும் எண்ணம் இருந்தால் இந்த வகை இன்னும் பலவீனம். ஊரையும் தொழிலையும் மட்டும் சொல்லும் பெயரை, நீண்ட காலப் பயன்பாட்டால் அது உங்களையே குறிக்கிறது என்று காட்ட முடியாவிட்டால், 1999-ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டத்தின் 9-ஆவது பிரிவைக் காட்டி மறுத்துவிடலாம். அழகுக்கலைச் சேவை 44-ஆவது வகுப்பில் வருகிறது. தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பிக்க 4,500 ரூபாய். பதிவு கிடைத்தால் 10 ஆண்டுக்குச் செல்லும். எல்லாருக்கும் இது தேவை என்று சொல்ல மாட்டேன். தேவைப்படும் நாளில் கிடைக்காத பெயரை இன்றைக்கே வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதுதான்.

இதில் ஒரு குறுக்கு வழியும் ஓடுகிறது. போர்டில் ஒரு சின்னப் பெயர், மேப்பில் மட்டும் அதன் பின்னால் “பெஸ்ட் பிரைடல் மேக்கப் காரைக்குடி தேவகோட்டை மெஹந்தி” என்று ரயில் பெட்டி போலக் கோப்பது. கொஞ்ச நாள் மேலே வரும். நான் பதிவு செய்து கொடுத்த ஒருவர் பிறகு தானே உள்ளே போய் இப்படி மாற்றிவைத்தார். யார் வேண்டுமானாலும் மேப்பில் திருத்தம் சொல்லலாம் அல்லவா, யாரோ சொன்னார்கள். சரியாக முகூர்த்த சீசனில் பதிவு முடங்கியது. போர்டுப் படம், பில், வாசல் வீடியோ என்று அனுப்பித் திரும்ப வாங்குவதற்குள் சீசனில் பாதி போய்விட்டது.

வேறு போட்டியே இல்லாத சின்ன ஊரில் முதல் ஆளாகக் கடை வைப்பவருக்கு ஊர்ப் பெயர் பொருந்தும். காரைக்குடியில் அந்தக் காலம் முடிந்துவிட்டது.

## நம்மூர்ச் சொல்

எனக்குப் பிடித்த வகை இதுதான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக் கூடாத வகையும் இதுதான். அழகான சொல் எல்லாம் நல்ல பெயராகிவிடாது.

‘கழுத்துரு’வை எடுத்துக்கொள்ளுங்கள். நகரத்தார் கல்யாணத்தில் மணப்பெண் கழுத்தில் ஏறும் அந்தப் பெரிய தங்க மாலையின் பெயர். இதைவிடப் பொருத்தமான சொல் ஏது? நான் இருவரையும் ஒரு சின்னச் சோதனை செய்யச் சொன்னேன். வாட்ஸ்அப்பில் பெயரைக் குரலாகப் பதிந்து, பத்துப் பேருக்கு அனுப்பி, “இதை இங்கிலீஷ்ல தட்டி அனுப்புங்க” என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான், விளக்கம் எதுவும் சொல்லக் கூடாது. பதில்கள் `kazhuthuru`, `kaluthuru`, `kazhuththuru`, `kazhuthiru` என்று வந்துகொண்டே இருந்தன. ‘ழ’ ஒரு பக்கம், ‘த்து’ ஒரு பக்கம். போதாததற்கு வீட்டுக்கு வீடு உச்சரிப்பும் வேறு. சரியாகத் தட்டியவருக்கும் முதலில் நகைப் படங்கள்தான் வரும்.

‘நலங்கு’ எழுதச் சுலபம், எல்லாரும் `nalangu` என்றே தட்டினார்கள். ஆனால் தேடிப் பார்த்தால் நலங்கு மாவு விற்பவர்கள் வரிசை கட்டி நிற்கிறார்கள். குளியல் பொடியோடு போட்டி போட்டு மேலே வர வேண்டும். ‘கண்டாங்கி’யும் அப்படித்தான். 2019-இல் காரைக்குடிக் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சொல் சேலைக்கே சொந்தம்.

நான் ஒரு யோசனை சொன்னேன்: ‘வளவு’. செட்டிநாட்டு வீட்டின் நடுமுற்றமும் அதைச் சுற்றிய பகுதியும். பத்துப் பேரில் வெளியூர்க்காரர் சிலர் அதை ‘வளைவு’ என்று கேட்டு `valaivu` என்று தட்டிவிட்டார்கள். என் யோசனையும் தோற்றது.

அப்புறம் தங்கைதான் சொன்னார், “எங்க அப்பத்தா வளையலை வளவின்னுதான் சொல்லும்.” வளவி. மெஹந்தி போட்ட கைக்கு மேலே ஏறும் பொருள், மணப்பெண்ணுக்கும் பொருந்தும். ‘ழ’ இல்லை, ‘த’, ‘ட’ குழப்பம் இல்லை. பத்தில் ஒன்பது பேர் `valavi` என்றே தட்டினார்கள். ஒருவர் மட்டும் கடைசியில் `y` போட்டார்.

இந்த வகைக்கு மறைந்திருக்கும் செலவு காலம். முதல் வருடம் அந்தச் சொல்லை யாரும் தேட மாட்டார்கள். தொழில் என்ன என்பதும் பெயரிலேயே தெரியாது, வளையல் கடை என்று நினைப்பவரும் இருப்பார்கள். தொழிலைச் சொல்லும் வார்த்தையைப் பெயரோடு சேர்த்துப் போர்டிலேயே எழுதினால்தான் அந்த ஓட்டை அடைபடும்.

## ஆங்கிலப் பெயர்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ப்ளஷ், க்ளோ, க்ளாம் எல்லாம் ஊருக்கு ஒன்று இருக்கின்றன. ‘ப்ளஷ்’ என்பதை ஆச்சி சொல்லும்போது அது ‘பிளஸ்’ ஆகும், பேத்தி `plus` என்று தட்டுவாள். தமிழில் பெரிய எழுத்தில் போர்டு அடித்தால் படிக்கிறவர் ஒரு நொடி நின்றுதான் படிக்க வேண்டும். சென்னை, மதுரை ரிசப்ஷனும் போட்டோஷூட்டும் குறியாக உள்ளவருக்கு, பரிந்துரை இன்ஸ்டாகிராம் வழியாக மட்டுமே வருகிறவருக்கு, இது ஒத்துவரலாம். அப்போதும் இரண்டாவதாக ஒரு தனிச்சொல் சேர்த்தே வைக்கச் சொல்வேன்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | கேட்டுத் தட்டுவது | தனியாக வருவது | யாரையும் தெரியாத பெண் தேடும்போது | ஆள் மாறினால் |
|---|---|---|---|---|
| சொந்தப் பெயர் | பெயரைப் பொறுத்தது | பொதுப் பெயர் என்றால் இல்லை | உதவாது | தாங்காது |
| ஊர்ப் பெயர் | சுலபம் | இல்லவே இல்லை | ஓரளவு உதவும் | தாங்கும், ஊர் மாறினால் தாங்காது |
| நம்மூர்ச் சொல் | சோதித்துப் பார்க்க வேண்டும் | சொல் சரியாக அமைந்தால் உண்டு | தொழில் வார்த்தை சேர்த்தால் உதவும் | தாங்கும் |
| ஆங்கிலப் பெயர் | இங்கே கஷ்டம் | அரிது | தொழில் வார்த்தை சேர்த்தால் உதவும் | தாங்கும் |

## மெஹந்தியா, மருதாணியா

பெயரில் இரண்டாவது பாதியாக எதைச் சேர்ப்பது என்பதில் தங்கைக்கு ‘மருதாணி’ மேல் ஆசை. போர்டில் அழகாக இருக்கும்தான். ஆனால் எங்கள் பக்கம் மருதாணி என்றால் இலையை அரைத்து வைப்பது, கோனில் டிசைன் போடுவது மெஹந்தி. மருதாணி என்று தேடுகிறவர் சிவக்க என்ன சேர்த்து அரைக்கலாம் என்று பார்க்கவே அதிகம் வருகிறார். ஆள் கூப்பிடுகிறவர் “மெஹந்தி போடுறவங்க” என்றுதான் கேட்கிறார். ஆங்கிலத்தில் அது `mehndi`, `mehendi`, `mehandi` என்று மூன்று விதமாக ஓடும். போர்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, மற்ற இரண்டையும் இன்ஸ்டாகிராம் பதிவுகளின் எழுத்தில் மாற்றி மாற்றிப் போட்டால் போதும்.

மெஹந்தியைப் பெயரில் சேர்க்க இன்னொரு காரணமும் உண்டு. நிறம் ஏற ஒன்று, இரண்டு நாள் வேண்டும் என்பதால் மெஹந்திக்காரர் கல்யாண வீட்டுக்கு மேக்கப்காரருக்கு முன்னால் போகிறார். சில வீடுகளில் அதற்குத் தனியாகத்தான் ஆள் தேடுகிறார்கள். பெயரில் மேக்கப் மட்டும் இருந்தால் அந்தத் தேடலில் தங்கை இல்லவே இல்லை.

## கடைசியில் போர்டில் ஏறியது

‘வளவி பிரைடல் மேக்கப் & மெஹந்தி’. தமிழில் பெரிதாக, கீழே ஆங்கிலத்தில். ஊர்ப் பெயர் பெயருக்குள் இல்லை. மேப்பில் அதே பெயர் எழுத்துக்கு எழுத்து. முதன்மை வகையாக மேக்கப் கலைஞர், சேவைப் பட்டியலில் முகூர்த்த மேக்கப், ரிசப்ஷன் மேக்கப், மெஹந்தி மூன்றும் தனித்தனியாக. கூகுள் 20 ஊர் வரை சேவைப் பகுதியாகச் சேர்க்க விடுகிறது. கோட்டையூர், பள்ளத்தூர், புதுவயல், கானாடுகாத்தான், தேவகோட்டை என்று நிஜமாகப் போகிற ஊர்களை மட்டும் சேர்த்தோம். இதனால் தேவகோட்டையில் தேடுகிறவருக்கு நீங்கள் முதலில் வந்துவிட மாட்டீர்கள், தூரம் அறை இருக்கும் இடத்திலிருந்துதான் கணக்காகும்.

இன்ஸ்டாகிராமில் கணக்குப் பெயர் வேறு, மேலே தடித்த எழுத்தில் தெரியும் பெயர் வேறு. தேடலில் இரண்டும் பார்க்கப்படும். ஊரை அங்கே வைத்தோம்:

```
valavi.karaikudi
Valavi | Karaikudi Bridal Makeup & Mehndi
```

மேலே உள்ளதில் அடிக்கோடு இல்லை, இரட்டை எழுத்து இல்லை. போட்டோகிராபர் ஆல்பத்தைப் பதிவிடும்போது அவசரத்தில்தான் டேக் செய்வார். கணக்குப் பெயரில் இரண்டு அடிக்கோடு இருந்தால் பட்டியலில் முதலில் தெரியும் வேறு யாரையாவது தட்டிவிடுவார். கணக்குப் பெயரைப் பிறகு மாற்றினால் பழைய பெயரோடு வெளியே கொடுத்த இணைப்புகள் வேலை செய்யாது. கார்டில் அச்சடித்ததும் அப்படியே வீண்.

ஒன்று மட்டும் இன்னும் சரியாகவில்லை. வந்துபோன வீடுகளில் பாதிப் பேர் அக்காவின் எண்ணை ‘மேக்கப் காரைக்குடி’ என்றே போனில் சேமித்து வைத்திருக்கிறார்கள். அதை யாருக்காவது பகிர்ந்தால் அந்தப் பெயரோடுதான் போகிறது. இப்போது வேலை முடிந்த மறுநாள் வாட்ஸ்அப்பில் ‘வளவி’ என்ற பெயரிலேயே தங்கள் காண்டாக்டை அவர்களே அனுப்பிவிடுகிறார்கள். வந்ததைத் தொட்டால் பெயரோடு சேமிப்பாகிவிடும். ஆச்சிமார்கள் அதைத் தொடுகிறார்களா என்பதை வைகாசி முடிந்ததும் கேட்க வேண்டும். வாசலுக்கு எல்இடி எழுத்துப் போர்டு வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். கல்யாணம் இல்லாத ஆடியில் மாட்டிக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்திருக்கிறோம்.